வலிப்புள்ள பிள்ளையின் கவனமும் ஞாபகமும்: பாடசாலை எதை மாற்றலாம்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலிப்பைப் பற்றிப் பேசச் சொன்னால், பிள்ளை விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். அது தெரிந்திருக்க வேண்டிய விடயம்தான். ஆனால் கிருலப்பனையில் என் மருந்தகத்துக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகின்ற தாய்மார் என்னிடம் அதிகமாகக் கேட்பது வேறொன்று. "டொக்டர், வலிப்பு நிண்டிட்டுது. ஆனா படிப்பு ஏறேல்லை. ஏன்?" இன்றைக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஆசிரியைகள், மிச்சப்பேர் தாய்மார் அல்லது பேத்திமார். இந்தப் பதிலை வைத்து வேலை செய்யக்கூடியவர்கள் நீங்கள்தான்.

ஒரு பிள்ளையின் கதையை வைத்துச் சொல்கிறேன். அவள் ஒருத்தி அல்ல. நான் கண்ட பல பிள்ளைகளைச் சேர்த்து ஒருத்தியாக்கியிருக்கிறேன். வயது ஒன்பது, தரம் 4. கெட்டிக்காரி, வாய் ஓயாமல் கதைப்பவள். இரண்டாம் தவணை அறிக்கையில் வகுப்பாசிரியை எழுதியிருந்தார்: "பகற்கனவு காண்கிறாள். கவனம் போதாது." வீட்டிலும் சாப்பிடும்போது கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருப்பாள். கூப்பிட்டால் கேளாது. பத்து விநாடி கழித்து, ஒன்றுமே நடவாததுபோல அடுத்த வாயைச் சாப்பிடுவாள்.

இது ஒரு வகை வலிப்பு. ஆங்கிலத்தில் 'அப்சன்ஸ்' என்பார்கள், அதாவது ஆள் அங்கே இல்லாமற் போவது. கை கால் இழுக்காது, நுரை தள்ளாது, பிள்ளை விழவும் மாட்டாள். சில விநாடிகளிலிருந்து இருபது விநாடி வரையில் நினைவு அறுந்துபோகும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையும் வரலாம், நூறு தடவையும் வரலாம். பகற்கனவிலிருந்து இதை வேறுபடுத்துவது கடினமில்லை. பகற்கனவு காணும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்புவாள். இந்தப் பிள்ளை திரும்ப மாட்டாள். பகற்கனவு அலுப்பான பாடத்தில் வரும்; இது விளையாட்டின் நடுவிலும், பேசிக்கொண்டிருக்கும் வசனத்தின் நடுவிலும் வரும். கண்மடல் இலேசாகத் துடிக்கலாம். வைத்தியர் பிள்ளையின் மூக்குக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார். மருந்து தொடங்காத பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒன்று வந்துவிடும். பிறகு பொரளை லேடி றிட்ஜ்வே போன்ற சிறுவர் வைத்தியசாலையில் ஈஈஜி எடுத்தால், விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் ஒழுங்கான அலைகள் தெரியும்.

எங்கள் பிள்ளைக்கும் அப்படித்தான் தெரிந்தது. நிபுணர் மருந்து தொடங்கினார். இரண்டு மாதத்தில் வெறித்துப் பார்ப்பது நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் மூன்றாம் தவணை அறிக்கையிலும் அதே வசனம்: "கவனம் போதாது." கணிதம் 43. தாய் என்னிடம் வந்து, "மருந்துதான் மந்தமாக்குது போல. நிப்பாட்டிப் பாக்கட்டோ?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. வலிப்பு ஒரு தாய், கவனக்குறைவு அதன் பிள்ளை, தாய் போனால் பிள்ளையும் போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அவை இரண்டும் சகோதரிகள். ஒரே மூளை நிலையிலிருந்து இரண்டும் பிறக்கின்றன. ஒருத்தி வீட்டை விட்டுப் போனாலும் மற்றவள் இருப்பாள்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. அதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. இதே வகை வலிப்புள்ள 453 பிள்ளைகளுக்கு எத்தோசக்சிமைட், வல்புரோயேற், லமோட்ரிஜின் என்ற மூன்று மருந்துகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து தொடங்குவதற்கு முன்னரே அவர்களுடைய கவனத்தைப் பரிசோதித்தார்கள். புத்திக்கூர்மை சரியாக இருந்தபோதிலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கவனத்தில் குறை இருந்தது. ஒரு குளிசைகூட விழுங்காத பிள்ளைகள் அவர்கள். பிறகு மருந்தினால் வலிப்பு நின்ற பிள்ளைகளிலும் பலருக்கு அந்தக் குறை தொடர்ந்தது.

மருந்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே ஆய்வில் நான்கு மாதமளவில் பார்த்தபோது, கவனக்குறைவு எத்தோசக்சிமைட் எடுத்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கும், வல்புரோயேற் எடுத்தவர்களில் நூற்றுக்கு 49 பேருக்கும் இருந்தது. வலிப்பை நிறுத்துவதில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே "எந்த மருந்து?" என்று வைத்தியரிடம் கேட்கத் தாய்க்கு உரிமை உண்டு. பெண்பிள்ளை என்றால் இன்னும் ஒரு காரணம் உண்டு: வல்புரோயேற் எதிர்காலத்தில் கர்ப்பத்தில் உள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. பழைய மருந்தான பீனோபாபிற்றோன் சில பிள்ளைகளை மந்தமாக்கும் அல்லது அமைதியற்றவர்களாக்கும். ரொப்பிரமேற் எடுக்கும் பிள்ளை, தெரிந்த சொல்லையே தேடித் தடுமாறலாம். அளவைக் கூட்டிய வாரத்திலிருந்து பிள்ளை மாறியிருந்தால், அந்தத் திகதியைக் குறித்துக்கொண்டு போய் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். ஆனால் வீட்டில் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நின்றிருந்த வலிப்பு நிற்காத தொடர் வலிப்பாகத் திரும்பி வரலாம்.

எங்கள் பிள்ளையின் தாய் மருந்தை நிறுத்தவில்லை. அறிக்கைகளை மேசையில் அடுக்கிப் பார்த்தபோது, மருந்து தொடங்க முன்னரும் பின்னரும் ஆசிரியை எழுதியது ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் மருந்து முழுக் காரணம் அல்ல. இனிப் பாடசாலையோடு பேச வேண்டும். என்னவென்று பேசுவது?

"ஞாபகம் இல்லை" என்று ஒரே சொல்லில் நாங்கள் சொல்வதற்குள் மூன்று வேறு குறைகள் இருக்கின்றன. முதலாவது, பாடம் உள்ளே போகவே இல்லை, அது கவனக்குறை. இரண்டாவது, உள்ளே போனது, தங்கவில்லை; அது சேமிப்பின் குறை. மூன்றாவது, உள்ளே இருக்கிறது, ஆனால் கேட்கும் நேரத்தில் வெளியே வருவதில்லை அல்லது மெதுவாக வருகிறது. மூன்றுக்கும் பரிகாரம் வேறு. ஆதலால் எது என்று தெரியாமல் "இன்னும் பத்துத் தரம் எழுது" என்றால், பிள்ளைக்குக் கை நோகுமே தவிர வேறு பயன் இராது.

கவனமும் சேமிப்பும் வேறு வேறு என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதே ஒரு வலிப்பு நோயாளியிடமிருந்துதான். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்குச் சிறுவயது முதல் கடுமையான வலிப்பு. 1953இல், அவருடைய 27ஆவது வயதில், மூளையின் இரு பக்கக் கன்னப்பொறிப் பகுதிகளிலும் உட்பாகத்தைச் சத்திரசிகிச்சையால் அகற்றினார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் பரிசோதித்தார். ஓர் இலக்கத்தைச் சொன்னால், கவனம் சிதறாதவரை அதைத் தனக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருப்பார். மனம் வேறு பக்கம் திரும்பினால், இலக்கமும் போய்விடும், அப்படி ஒன்று கேட்டார்கள் என்பதும் போய்விடும். கவனம் நன்றாக இருந்தது. களஞ்சியத்துக்குப் போகும் வாசல் மட்டும் மூடியிருந்தது. எங்கள் பிள்ளைகள் ஒருவரும் அந்த நிலையில் இல்லை. ஆனால் அந்த வாசல் ஒரு தனி உறுப்பு என்பதை அவர் வழியாகத்தான் உலகம் அறிந்தது. கன்னப்பொறிப் பகுதியிலிருந்து வலிப்பு எழும் பிள்ளைகளுக்குச் சேமிப்பில் குறை ஏற்படுவதும் இதனால்தான்.

வகுப்பிலே எது என்று கண்டுபிடிக்க ஆசிரியைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்.

ஐந்து வசனம் கொண்ட ஒரு சிறு கதையையோ வரலாற்றுச் செய்தியையோ பிள்ளைக்குத் தனியாகச் சொல்லுங்கள். முடிந்த உடனேயே, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்று கேளுங்கள். அப்போதே துண்டு துண்டாகத்தான் வருகிறதென்றால், உள்ளே போகவில்லை. உடனே நன்றாகச் சொன்னால், அரை மணித்தியாலம் கழித்து, வேறு பாடம் நடந்த பிறகு, திரும்பக் கேளுங்கள். அப்போது சொல்ல முடியாவிட்டால், மூன்றாவது கேள்வி: விடைகளைத் தெரிவுகளாகக் கொடுங்கள். "அரசன் போனது காட்டுக்கா, கடற்கரைக்கா, கோயிலுக்கா?" சரியானதை உடனே தெரிவு செய்தால், செய்தி உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் தடை. தெரிவு கொடுத்தும் தடுமாறினால், அது தங்கவே இல்லை. ஒரு தடவை செய்து முடிவு கட்ட வேண்டாம்; வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு தடவை செய்யுங்கள். வலிப்புள்ள பிள்ளைக்கு ஒரு நாள் போல் மறுநாள் இராது. "நேற்று செய்தவள்தானே, இன்றைக்கு ஏன் முடியாது?" என்று கோபிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளில் இந்த மூன்று கேள்வியும் சரியாக வந்து, ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் இருக்காது. வழமையான மறதியை விட வேகமான மறதி இது. வைத்தியசாலையின் அரை மணித்தியாலப் பரிசோதனையில் அகப்படாது. வகுப்பாசிரியைதான் இதைக் காண முடியும். வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து எடுத்த சொல்வதெழுதுதல், அடுத்த வெள்ளிக்கிழமை பத்துக்கு நான்கு ஆனால், அதைக் குறித்து வைத்துத் தாயிடம் கொடுங்கள். நிபுணருக்கு அது பெறுமதியான செய்தி.

எங்கள் பிள்ளையின் ஆசிரியை இதைச் செய்து பார்த்தார். முதலாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து வசனத்தில் முதல் இரண்டும் கடைசியும் வந்தன. நடுவில் இருந்தவை வரவில்லை. ஆனால் உடனே சொல்ல முடிந்தவற்றை அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் சரியாகச் சொன்னாள். களஞ்சியம் நன்றாக இருக்கிறது. வாசலில்தான் ஆள் இல்லை.

அடுத்ததாக வேகம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அவளுக்கு முன்னால் நிற்கிறது. முதலாம் வினாத்தாள் ஒரு மணித்தியாலம், 40 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். வீட்டில் ஒரு பழைய வினாத்தாளைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் நீலப் பேனை. நேரம் முடிந்ததும் ஒரு கோடு கீறி, சிவப்புப் பேனையால் மிச்சத்தைச் செய்யட்டும் என்றேன். நீலப் பேனையில் 26ஆவது வினா வரை வந்திருந்தாள். அதில் 23 சரி. சிவப்புப் பேனையோடு சேர்த்து 40இல் 34 சரி. ஒரு மணித்தியாலத்தை மட்டும் பார்த்தால் 40க்கு 23, சாதாரணமான பிள்ளை. செய்தவற்றில் எத்தனை சரி என்று பார்த்தால், பத்துக்கு ஒன்பது அளவில் சரியாகச் செய்யும் பிள்ளை. அறிவுக்கும் புள்ளிக்கும் நடுவில் கடிகாரம் நிற்கிறது. இந்த இரண்டு நிறப் பேனைக் கணக்கை எந்தத் தாயும் ஒரு சனிக்கிழமை காலையில் செய்து பார்க்கலாம். சிவப்புப் பேனையிலும் பிழைகளே வந்தால், குறை வேகத்தில் இல்லை, விளக்கத்தில் இருக்கிறது. அப்போது மேலதிக நேரம் உதவாது, பாடத்தைத் திரும்பக் கற்பிக்க வேண்டும்.

இனிப் பாடசாலை எதை மாற்றலாம் என்பதற்கு வருகிறேன். இதில் ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: அளவைக் குறைக்கலாம், தரத்தைக் குறைக்கக் கூடாது. வகுப்புக்குப் பத்துக் கணக்கு என்றால் இவளுக்கு ஐந்து. ஆனால் அந்த ஐந்தில் கடைசி இரண்டு கடினமான கணக்குகளும் இருக்க வேண்டும். சுலபமான ஐந்தை மட்டும் கொடுத்தால், இரண்டு வருடத்தில் அவள் உண்மையாகவே பின்தங்கிவிடுவாள். பிறகு வலிப்பின் மேல் பழி போடுவோம்.

எங்கள் பிள்ளைக்கு ஆசிரியை செய்தவை நான்கு. முதலாவது, முன் வரிசையில், யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி ஓரிடம். இரண்டாவது, கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது. "கணிதக் கொப்பியை எடுத்து, 32ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கைச் செய்து, முடிந்ததும் பின்பக்கத்தில் திகதி போட்டுக் கொண்டு வாங்கோ" என்பதில் நான்கு கட்டளைகள் இருக்கின்றன. இவளிடம் கொப்பி மட்டும்தான் எஞ்சும். முதல் கட்டளை, அவள் அதைத் திருப்பிச் சொல்வது, பிறகு அடுத்தது. மூன்றாவது, கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைத்தது. கரும்பலகையை நிமிர்ந்து பார்த்து, சொற்களை மனதில் ஏந்தி, குனிந்து எழுதி, திரும்பவும் விட்ட இடத்தைத் தேடுவது இந்தப் பிள்ளைகளுக்கு மிகப் பாரமான வேலை. முழுக் கவனமும் பார்த்தெழுதுவதிலேயே செலவழிந்து, பாடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆசிரியை குறிப்பை நிழற்பிரதி எடுத்துக் கொடுத்தார். அவள் முக்கிய சொற்களுக்குக் கீழே கோடு கீறினாள். நான்காவது, வகுப்புப் பரீட்சையில் நாலில் ஒரு பங்கு மேலதிக நேரம். அல்லது நேரம் கொடுக்க வசதியில்லாத நாளில், செய்த வினாக்களுக்கு மட்டும் புள்ளி.

மற்றப் பிள்ளைகள் "அவவுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். "கண்ணாடி போட்ட பிள்ளையிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்றேனா?" என்று ஆசிரியை கேட்டாராம். தரம் 4 பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

உள்ளே போனது தங்காத பிள்ளைக்கு வைத்தியம் வேறு. தரம் 10இல் படிக்கும், கன்னப்பொறி வலிப்புள்ள ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கண் இமைக்காமல் கேட்பாள், உடனே கேட்டால் சொல்வாள், அடுத்த கிழமை இல்லை. இவளை முன் வரிசையில் இருத்துவதால் பயனில்லை. இவளுக்கு வேண்டியது இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது: அன்று இரவு ஐந்து நிமிடம், மூன்றாம் நாள் ஐந்து நிமிடம், ஏழாம் நாள் ஐந்து நிமிடம். கொப்பியைப் பார்த்து வாசிப்பதாக அது இருக்கக் கூடாது. கொப்பியை மூடி, தானே கேட்டுத் தானே பதில் சொல்ல வேண்டும். வரலாற்றில் ஆண்டுகளின் பட்டியல் ஒன்றை வகுப்பில் வைத்திருக்க அனுமதித்து, ஏன் நடந்தது, அதனால் என்ன விளைந்தது என்பதைக் கேளுங்கள். பட்டியல் தங்காத பிள்ளைகளிலும் பலருக்குக் காரண காரியம் தங்கும்.

கை கால் இழுக்கும் பெரிய வலிப்பு வந்த நாள் பற்றியும் ஒரு சொல். இரவில் அப்படி ஒன்று வந்து, காலையில் பிள்ளை பாடசாலைக்கு வந்துவிடுவாள். பார்த்தால் சாதாரணமாகத்தான் இருப்பாள். ஆனால் அன்று முழுவதும், சில வேளை அடுத்த நாளும், கற்பது தங்காது. முதல் நாள் படித்ததும் அழிந்திருக்கலாம். அன்று பரீட்சை வைக்காதீர்கள். வைத்தாலும் அந்தப் புள்ளியைக் கணக்கில் எடுக்காதீர்கள். தாய் காலையில் கொப்பியில் "இரவு வந்தது" என்று இரண்டு சொல் எழுதினால் போதும்.

இங்கேதான் எங்கள் சமூகத்தின் பெரிய தடை வருகிறது. தாய்மார் அந்த இரண்டு சொல்லை எழுதுவதில்லை. பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும், வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் தெரிந்தால் கொட்டாஞ்சேனை வரைக்கும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நடந்ததை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் மறைத்தால் பிள்ளைக்கு வேறொரு பெயர் கிடைக்கும்: சோம்பேறி, மொக்கு, அடங்காதவள். பதின்மூன்று வருடம் அந்தப் பெயரோடு அவள் பாடசாலைக்கு வர வேண்டும். எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. அதிபருக்கும் வகுப்பாசிரியைக்கும் மட்டும், வைத்தியரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம். நான் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

"இப்பிள்ளைக்குச் சில விநாடிகள் நினைவு தவறும் வகையான வலிப்பு உண்டு, தற்போது மருந்தினால் கட்டுப்பட்டிருக்கிறது. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வயதுக்கு ஏற்றதாக உள்ளது. கவனத்தை நிலைநிறுத்துவதிலும் வேலையை முடிக்கும் வேகத்திலும் குறை உண்டு. இது அவள் வேண்டுமென்று செய்வதல்ல. கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லவும், எழுதும் அளவைக் குறைக்கவும், பரீட்சையில் நாலில் ஒரு பங்கு மேலதிக நேரம் தரவும் வேண்டுகிறேன். இவ்விபரத்தை ஆசிரியர் அறைக்கு வெளியே கொண்டு செல்ல வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறேன்."

நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதம் ஆசிரியைக்குப் பயத்தைத்தான் கொடுக்கும். என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய கடிதமே உதவும். வைத்தியரிடம் அப்படி எழுதித் தரும்படி கேளுங்கள்.

பொதுப் பரீட்சைகளுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கான சலுகையைக் கேட்கலாம். அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு, நேரகாலத்தோடு கேட்க வேண்டும். வகுப்பில் ஒரு வருடமாக மேலதிக நேரம் கொடுத்து, அதனால் வித்தியாசம் வந்ததற்கு ஆதாரம் இருந்தால் கோரிக்கைக்கு வலு இருக்கும். அந்த நீல, சிவப்புப் பேனை வினாத்தாள்களை எறிந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் தங்கைமாருக்கும் இதுவே பொருந்தும்: இங்கிலாந்தில் விசேட கல்வித் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளரிடமும், ஒன்ராறியோவில் தனியாள் கல்வித் திட்டம் எழுதும் குழுவிடமும் பேசலாம். அங்கேயும் வாய் திறந்து கேட்க வேண்டியவர் தாய்தான்.

பாடசாலைக்கு வெளியே இருக்கும் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது: ரியூசன். பாடசாலை முடிந்து, மாலையில் இரண்டு வகுப்பு, இரவு ஒன்பது மணிக்கு வீடு, பதினொரு மணிக்குப் படுக்கை, காலை ஐந்தரைக்கு எழும்பல். நித்திரைக் குறைவு வலிப்பைக் கிளப்பும் முதன்மையான காரணங்களில் ஒன்று. அன்று படித்ததை மூளை அடுக்கி வைப்பதும் நித்திரையில்தான். ஆகவே இந்தப் பிள்ளைக்கு மூன்றாவது ரியூசன் வகுப்பு, இருக்கிற புள்ளியையும் குறைக்கலாம். ஒன்பது மணிக்குப் பிள்ளை படுக்கையில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளையின் தாய்க்கு மிகக் கடினமாக இருந்த மாற்றம் இதுதான்.

அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் வந்தாள். கணிதம் 43இலிருந்து 60களுக்கு வந்து அங்கே நிலைத்தது. இப்போதும் எழுதுவது மெது. இரண்டு வருடம் வலிப்பு இல்லாமல் இருந்ததால், நிபுணர் மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். இந்த வகை வலிப்பு பல பிள்ளைகளில் வளர வளர நின்றுவிடும். மருந்து நின்ற நாளோடு "இனிச் சலுகை ஒன்றும் தேவையில்லைத்தானே" என்று பாடசாலையில் கேட்டார்கள். தேவை என்று மீண்டும் ஒரு கடிதம் எழுதினேன். காரணத்தை நீங்கள் இப்போது அறிவீர்கள்.

அறிக்கையில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் மாறியது. "பகற்கனவு காண்கிறாள்" என்ற இடத்தில், "கொடுத்த ஐந்து கணக்குகளில் நான்கைச் சரியாகச் செய்தாள்; நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது" என்று ஆசிரியை எழுதினார். முதலாவது பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு. இரண்டாவது ஓர் அவதானிப்பு. அடுத்த வருடத்து ஆசிரியைக்கு அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது.

இங்கு இருக்கும் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தவணை அறிக்கை எழுதும்போது, "கவனம் போதாது" என்று எழுதக் கை போனால், ஒரு நிமிடம் பொறுத்து, அந்தப் பிள்ளையின் தோளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஐந்து வசனம் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.